சந்தையும் சட்டமும் – 9: ஹப்பானின் மூன்று நாள்

‘விற்றேன்’, ‘வாங்கினேன்’ என்று இருவரும் சொல்லிவிட்டால் இஸ்லாமியச் சட்டத்தில் வியாபாரம் கூடிவிடும் என்று சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மடி கட்டிய ஆட்டின் வழக்கை எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால், குறிப்பெடுக்கும்போது ஹப்பான் இப்னு முன்கித் குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டி ஆட்டிடம் போக மனம் வரவில்லை.

மதீனாவாசி. தலையில் பட்ட அடியில் நாக்குக் குழறிப்போய், புத்தியும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. ஆனாலும் சந்தைக்குப் போகாமல் இருக்க முடியாது அவருக்கு. போனால் ஏமாறாமல் திரும்பவும் முடியாது. வீட்டார் நபிகள் நாயகத்திடம் முறையிட்டு, இவர் வியாபாரம் செய்வதற்குத் தடை போடச் சொன்னார்கள். நபிகள் அழைத்துச் சொல்லியும் பார்த்தார்கள். “என்னால் முடியாது” என்றார் மனிதர். அப்படியானால் வாங்கும்போது ‘லா கிலாபா’, அதாவது ‘ஏமாற்று வேலை கூடாது’ என்று சொல்லிவிட்டு வாங்கு, மூன்று நாள் உனக்குத் தவணை என்று தீர்ப்பானது. (இது ஹப்பான் அல்ல, அவருடைய தந்தை என்று சொல்லும் அறிவிப்பும் உண்டு.) குழறிய நாக்குக்கு அந்தச் சொல்லும் சரியாக வராது, ‘லா கியாபா’ என்றுதான் சொல்வாராம்.

கதை அதோடு நிற்கவில்லை. மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலம்வரை அவர் உயிரோடிருந்து, அதே சந்தையில் வாங்கிக்கொண்டே இருந்தார் என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது. வாங்கிய பண்டத்தோடு வீட்டுக்கு வருவார். விலையைக் கேட்டு வீட்டார் திட்டுவார்கள். தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போவார். “அதெல்லாம் எடுக்க முடியாது” என்பான் கடைக்காரன். வாக்குவாதம் முற்றும்போது அந்த வழியே போகும் நபித்தோழர் எவராவது, “இவருக்கு மூன்று நாள் தவணை உண்டப்பா” என்று சாட்சி சொல்லித் தீர்த்துவைப்பார்.

இந்த ஒரு மனிதருக்குக் கொடுத்த தவணையிலிருந்துதான் ‘கியாருஷ் ஷர்த்’ என்னும் நிபந்தனை உரிமைக்குச் சட்ட அறிஞர்கள் எல்லை வகுத்தார்கள். கூடிய வியாபாரத்தைத் தொங்கலில் விடுவதே விதிவிலக்கு. விலக்கை அது தரப்பட்ட அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அபூ ஹனீஃபாவும் ஷாஃபியும் மூன்று நாளோடு நிறுத்தினார்கள். அபூ ஹனீஃபாவின் மாணவர்களான அபூ யூசுஃபும் முகம்மதும் குருவோடு ஒத்துப்போகவில்லை. நாள் குறித்துப் பேசியிருந்தால் எத்தனை நாளும் செல்லும் என்றார்கள். மாலிக்கின் வழியினர் பண்டத்தைப் பார்த்துத் தவணை சொன்னார்கள்: வீட்டுக்கு ஒரு மாதம் அளவு, துணிக்குச் சில நாள். என் ஓட்டு மாலிக் பக்கம். வீட்டின் ஒழுகலைக் கண்டுபிடிக்க மூன்று நாள் எந்த மூலைக்குப் போதும்?

இனிக் குதிரைச் சந்தைக்கு வருவோம். ஒருவர் 200 திர்ஹத்துக்குக் குதிரை வாங்குகிறார். அதன் சந்தை மதிப்பு 150தான். வாங்கியவருக்கு மூன்று நாள் தவணை என்று பேச்சு. இரண்டாம் நாள் அவர் கொட்டிலில் குதிரை செத்துவிடுகிறது. ஹனஃபி சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியது பேசிய விலை 200. வாங்கியபடியே திருப்பித் தர முடியாத நிலை வந்ததுமே வியாபாரம் உறுதியாகிவிடுகிறது. சாக வேண்டியதுகூட இல்லை, அவர் கையில் இருக்கும்போது தீராத நொண்டி விழுந்தாலும் அதே கதிதான்.

இப்போது தவணையை விற்றவர் வைத்துக்கொண்டார் என்று மாற்றிப் பாருங்கள். குதிரை அதே கொட்டிலில், அதே இரண்டாம் நாள் சாகிறது. இப்போது கொடுக்க வேண்டியது 150. தவணை விற்றவருடையது என்றால் குதிரை இன்னும் அவர் உடைமையைவிட்டு நீங்கவில்லை. அது செத்ததும் வியாபாரமே கலைந்துபோகிறது. வியாபாரம் இல்லாத இடத்தில் பேசிய விலைக்கு என்ன வேலை? கையில் வைத்திருந்தவர் மதிப்பைக் கட்டினால் போதும். 12ஆம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய ‘ஹிதாயா’வில் இதை நிதானமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

உயிரோடு இருக்கும் குதிரையை வேண்டாம் என்று விடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘சரி, வைத்துக்கொள்கிறேன்’ என்பதை மனிதர் தன் வீட்டில் இருந்தபடியே முடிவு செய்யலாம். ‘வேண்டாம்’ என்பதோ தவணைக்குள் எதிராளிக்குத் தெரிந்தாக வேண்டும் என்கிறார் அபூ ஹனீஃபா. இல்லாவிட்டால் விற்றவர் வியாபாரம் முடிந்ததென்று நம்பி வேறு கிராக்கியைத் தேடாமல் இருந்துவிடுவார். அபூ யூசுஃப் இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் சொல்லாமல் மூன்று நாள் கழிந்தால் குதிரை வாங்கியவர் தலையில்தான்.

காயல்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி வழியில், தவணை பேசாவிட்டாலும் வியாபாரம் பேசிய இடத்தைவிட்டுப் பிரியும்வரை இருவருக்கும் முறிக்கும் உரிமை உண்டு. இந்த உரிமையைச் சொல்லும் நபிமொழியை மாலிக் தம் ‘முவத்தா’வில் பதிந்துவிட்டு, தாமே அதன்படி நடக்கவில்லை. நபித்தோழர் இப்னு உமரோ, பிடித்த பொருளை வாங்கியதும், விற்றவர் மனம் மாறுவதற்குள் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிடுவாராம்.

ஆடு அடுத்த வாரம். பாலைக் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டி விற்றவனிடம் ஆட்டைத் திருப்பும்போது, கூடவே ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் தர வேண்டும் என்பது தீர்ப்பு. கறந்தது பால், கொடுப்பது பழமா என்று ஹனஃபிகள் கிளப்பிய சண்டையை அப்போது பார்க்கலாம்.