போகிக்கு முன் எட்டு நாட்கள்

மார்கழியின் கடைசி நாள் போகி. கூடம், படுக்கையறை, சமையலறை, பூஜை அலமாரி என அமைந்த சிறு இல்லத்திற்கு, அதற்கு எட்டு நாட்கள் முன்பே தொடங்கி, காலை வழிபாடு முடிந்தபின் நாளும் இரண்டு மணி நேரம் உழைத்தால் போதும்.

முதலிரு நாட்கள் பரணுக்கு உரியவை; அதன் தூசி கீழேதானே இறங்கும்! ஏணியில் இளையோர் ஏறட்டும்; பெரியோர் கீழே அமர்ந்து வேண்டுவன, வேண்டாதன பிரிக்கலாம். பொங்கல் பானையையும் அப்போதே இறக்கிவிடுக. அடுத்த இரு நாட்கள் படுக்கையறைக்கு, ஒரு நாள் கூடத்திற்கு, இரு நாட்கள் சமையலறைக்கு.

எட்டாம் நாள் பூஜை அலமாரி. முன்னரே துடைத்தால் பிற அறைகளின் தூசி மீண்டும் படியும். சுவாமி படங்களின் கண்ணாடிமேல் நீர் தெளித்தல் ஆகாது. சட்டத்தின் இடுக்கில் கசிந்து காகிதத்தை ஊறச்செய்யும்; ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால் நீர் புகுந்துவிட்டது என்று அறியலாம். நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுக. கண்ணாடியிடாத தஞ்சாவூர் ஓவியத்திற்கு ஈரமே கூடாது. உலர்ந்த மென்தூரிகை போதும்.

பித்தளை விளக்குகளைப் புளியிட்டுத் தேய்த்தபின் திருகுகளைக் கழற்றிக் கழுவுக. அங்கே தங்கும் புளியும் ஈரமுமே பின்னர்ப் பச்சைக் களிம்பாகின்றன. துடைத்து, அரைமணி நேரம் வெயிலில் வைத்த பிறகே திரியிடுக.