லாக்கர் திறக்கும் தேதியை மாற்ற வேண்டுமா? வங்கிக்கு மெயில் இப்படி அனுப்புங்கள்!

திருமங்கலம் பக்கத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா காலமாகி நான்கு மாதம் ஆகிறது. மதுரையில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் அவர் பெயரில் மட்டும் ஒரு லாக்கர். நாமினி போடவில்லை. பேத்திக்கு ஆவணியில் கல்யாணம், போட வேண்டிய நகை எல்லாம் அந்த லாக்கருக்குள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, வங்கியிலிருந்து மெயில் வந்தது: ஜூன் 18, வியாழக்கிழமை காலை 11 மணிக்கு அம்மா, மகள், மகன் மூவரும் நேரில் வர வேண்டும்.

மகன் துபாயில் இருக்கிறார். 16-ம் தேதி கிளம்புவதாக இருந்தவருக்குக் கடைசி நேரத்தில் லீவு தள்ளிப்போய்விட்டது. 24-ம் தேதிதான் ஊருக்கு வர முடியும். ஜூலை 4 திரும்பிப் போக வேண்டும். நடுவில் இருப்பது பத்து நாள். அதற்குள் லாக்கர் திறக்காவிட்டால், அவருக்கு அடுத்த லீவு கிடைக்கும்போது கல்யாணமே முடிந்திருக்கும்.

'தேதியை மாத்தித் தரச் சொல்லி ஒரு மெயில் போட்டா போச்சு' என்றுதான் யாருக்கும் தோன்றும். அக்காவும் அதைத்தான் செய்தார். செவ்வாய்க்கிழமை மாலை, தன் ஆபீஸ் மெயிலிலிருந்து, 'அர்ஜென்ட்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினார். 'என் தம்பியால் 18-ம் தேதி வர முடியவில்லை, வேறு தேதி தரவும்' என்று இரண்டே வரி. புதன் காலை வரை பதில் இல்லை. போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மெயில் எந்த லாக்கரைப் பற்றியது என்றே கிளையில் யாருக்கும் புரியவில்லை. அனுப்பிய முகவரியும் அவர்களிடம் பதிவில் இல்லை.

அந்த மெயிலில் என்ன குறை என்று பார்ப்பதற்கு முன், லாக்கர் திறக்கும் நாளன்று வங்கிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இறந்தவரின் லாக்கரைத் திறப்பது என்பது சாவியைக் கொடுத்து அனுப்பும் வேலை இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுதிப் பட்டியல் போட வேண்டும். இதை வங்கியில் 'இன்வென்டரி' என்பார்கள். வங்கி அதிகாரியும் சாட்சிகளும் கூட இருக்க, உரிமை கோருபவர்கள் முன்னிலையில் பட்டியல் தயாராகி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். (முத்திரை வைத்து மூடிய பொட்டலம் இருந்தால், சட்டப்படி தேவை இருந்தாலொழிய அதைப் பிரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கும் அறிவுரை.) சாவி தொலைந்திருந்தால் லாக்கரை உடைத்துத் திறக்கும் ஆளும் அதே நேரத்துக்கு வந்தாக வேண்டும். ஆக, உங்கள் வீட்டில் ஒருவர் வர முடியாமல் போனால், வங்கி பக்கம் பல பேருடைய நேரத்தை மறுபடி சேர்த்தாக வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் லாகின் செய்து, தங்கள் விண்ணப்ப எண்ணைத் தேர்ந்தெடுத்து, Reschedule Appointment என்பதை அழுத்தினால் காலியாக உள்ள தேதிகள் தெரியும். எத்தனை முறை மாற்றலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அங்கே தேதியை வைத்திருப்பது கம்ப்யூட்டர், அதனால் தேதி மாற்றச் சொல்லி மெயில் எழுதிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. வங்கிக் கிளையில் தேதி இருப்பது ஓர் அதிகாரியின் மேஜை டைரியில். எனவே மெயில் அந்த அதிகாரிக்குப் புரிய வேண்டும், அவர் அதை வைத்து முடிவெடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

அக்காவின் மெயிலில் முதல் தவறு, அனுப்பிய முகவரி. கிளெய்ம் படிவத்தில் அம்மாவுக்கு மெயில் இல்லாததால் தம்பியின் மெயில் முகவரியைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வங்கியும் அதற்குத்தான் தேதியை அனுப்பியிருந்தது. பதிவில் இல்லாத ஒரு முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை நம்பி, நகை இருக்கும் லாக்கரின் தேதியை எந்த அதிகாரியும் மாற்ற மாட்டார். மாற்றக் கூடாது என்பதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு. எந்த முகவரிக்கு வங்கி மெயில் அனுப்பியதோ, அதே முகவரியிலிருந்து, அதே மெயிலுக்கு 'ரிப்ளை' செய்வதுதான் சரி. பழைய மெயில் கீழேயே இருப்பதால் பேசுவது எதைப் பற்றி என்று தேட வேண்டியதில்லை. மற்ற வாரிசுகளின் முகவரிகளை நகலில் சேர்த்துவிடலாம்.

இரண்டாவது, அடையாள எண் இல்லை. கிளெய்ம் படிவம் கொடுத்தபோது வங்கி தந்த ஒப்புகைச் சீட்டில் ஓர் எண் இருக்கும். அது மெயிலின் தலைப்பு வரியிலேயே வர வேண்டும். கூடவே இறந்தவரின் பெயர், பழைய தேதி, கேட்கும் தேதி. கணக்கு எண்ணை முழுதாக எழுத வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் கவனிக்காதது. 'வேறு தேதி தரவும்' என்று விட்டுவிட்டால், எந்தத் தேதி உங்களுக்குச் சரிப்படும் என்று வங்கி திருப்பிக் கேட்க வேண்டும். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். இந்தக் குடும்பத்திடம் இருப்பதே பத்து நாள். எனவே ஒரு தேதியையும், அது முடியாவிட்டால் இன்னொரு தேதியையும் நாமே எழுதிவிட வேண்டும்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். தம்பி முதலில் யோசித்தது 27-ம் தேதி சனிக்கிழமை. அது மாதத்தின் நான்காவது சனி, வங்கி விடுமுறை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகள் இயங்காது. மதுரைக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ஆனால் அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் விடுமுறை இல்லை என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அதாவது, பள்ளியும் அரசு அலுவலகமும் மூடியிருந்தாலும் வங்கி திறந்திருக்கும். அன்றைக்கு வைகைக் கரையைத் தாண்டி வங்கிக்குப் போய்ச் சேர முடியுமா என்பது வேறு கதை!

கடைசியில் தம்பி துபாயிலிருந்து அனுப்பிய மெயில் ஏறத்தாழ இப்படி இருந்தது:

தலைப்பு: கிளெய்ம் எண் (ஒப்புகைச் சீட்டில் உள்ளபடி) – லாக்கர் இன்வென்டரி – ஜூன் 18-க்குப் பதில் ஜூன் 29 கோருதல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

மறைந்த என் தந்தை (பெயர்) அவர்களின் லாக்கர் தொடர்பாக, ஜூன் 18 வியாழன் காலை 11 மணிக்கு எங்கள் மூவரையும் வரச் சொல்லியிருந்தீர்கள். நான் வெளிநாட்டிலிருந்து ஜூன் 24 அன்றுதான் ஊர் வருகிறேன். மாறிய பயணச் சீட்டை இணைத்துள்ளேன்.

எனவே ஜூன் 29 திங்கள் காலை 11 மணிக்கு மாற்றித் தர வேண்டுகிறேன். அது இயலாவிட்டால் ஜூலை 1 புதன், எந்த நேரமானாலும் வருகிறோம். ஜூலை 4 அன்று நான் திரும்பிச் செல்ல வேண்டியுள்ளது. என் தாயாரும் சகோதரியும் இந்த மாற்றத்துக்குச் சம்மதிக்கிறார்கள். அவர்களுக்கும் இதன் நகல் செல்கிறது.

புதிய தேதியையும் நேரத்தையும் பதில் மெயிலில் உறுதி செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

(பெயர், இந்தியாவில் தொடர்புகொள்ளும் எண்)

காரணத்துக்கு ஒரு வரிதான். லீவு ஏன் தள்ளிப்போனது, கம்பெனியில் என்ன பிரச்னை என்பதெல்லாம் வங்கிக்கு வேண்டாம். டிக்கெட் நகல் அந்த வேலையைச் செய்துவிடும். ஜூலை 4 என்ற கடைசி நாளை எழுதியதுதான் இதில் முக்கியம். அது இல்லாமல் இருந்திருந்தால், ஜூலை இரண்டாவது வாரத்தில் ஒரு தேதியைக் கொடுத்துவிட்டு வங்கி தன் வேலை முடிந்ததாக நினைத்திருக்கும்.

மெயிலைக் கிளையின் அதிகாரப்பூர்வ முகவரிக்கு அனுப்ப வேண்டும். மேலாளரின் சொந்த முகவரிக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பினால், அவர் மாற்றலாகிப் போகும்போது அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும். முகவரியைப் பாஸ்புக்கிலோ, வங்கி அனுப்பிய கடிதத்திலோ, வங்கியின் சொந்த இணையதளத்திலோ பாருங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் நம்பரை நம்ப வேண்டாம். தேதி மாற்றுவதற்கு ஓடிபி சொல்லுங்கள், லிங்க்கை அழுத்துங்கள் என்று யாராவது கேட்டால் அது மோசடி.

அனுப்பிவிட்டோம் என்பதற்காகத் தேதி மாறிவிடாது. வங்கி உறுதி செய்யும் வரை பழைய தேதிதான் நடப்பில் இருக்கிறது. வங்கி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் கிளைக்குப் போன் செய்து கிளெய்ம் எண்ணைச் சொல்லுங்கள். பேசியவர் 'சரி, மாத்திட்டோம்' என்று சொன்னால், 'இன்று இத்தனை மணிக்கு உங்கள் கிளையில் பேசியதில் ஜூன் 29 என்று தெரிவித்தார்கள்' என்று அதே மெயில் தொடரில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இத்தனை எழுத்துப்பூர்வமாக எதற்கு என்றால், காரணம் ரிசர்வ் வங்கியின் விதியில் இருக்கிறது. இறந்தவர்களின் கணக்கு, லாக்கர் கோரிக்கைகள் குறித்து 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி, தேவையான ஆவணங்கள் எல்லாம் கிடைத்த 15 நாள்களுக்குள் வங்கி கோரிக்கையைப் பரிசீலித்து, லாக்கரைப் பட்டியலிடும் தேதியை முடிவு செய்யக் குடும்பத்தாரைத் தொடர்புகொள்ள வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால், லாக்கர் கோரிக்கைக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இங்கேதான் யாரால் தாமதம் என்ற கேள்வி வருகிறது. 18-லிருந்து 29 வரை தள்ளிப்போனது குடும்பத்தின் கோரிக்கையால், அதற்கு வங்கியைக் கேட்க முடியாது. ஆனால் 29-ம் தேதி மூவரும் போய் நின்று, 'ஆபீஸர் லீவு' என்று வங்கி திருப்பி அனுப்பினால், அதற்கு மேல் ஆகும் தாமதம் யாருடையது என்பதை அந்த மெயில் தொடர் காட்டிவிடும். போனில் பேசியதற்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

பதிலே வராமல் இழுத்தால், அந்த மெயில்களை இணைத்து வங்கியிலேயே முறையான புகார் கொடுத்து எண் வாங்க வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்.

இந்தக் குடும்பத்துக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. புதன்கிழமை மதியமே பதில் வந்தது. ஜூன் 29 சரி, ஆனால் நேரம் 11 அல்ல, 12 மணி, மூவரும் அசல் ஆதாரும் லாக்கர் சாவியும் கொண்டுவர வேண்டும் என்றது அந்த மெயில். தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடப் போன தம்பியைச் சாவி என்ற வார்த்தைதான் நிறுத்தியது. அது அப்பாவின் பீரோவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அக்காவுக்கு உடனே போன் செய்தார்.