குட்டை ஸ்லிங்கின் மேல் கூடுதல் பாரம்

7 டன் எடையுள்ள எஃகுத் தூண் ஒன்றைப் படுத்த நிலையிலேயே கிரேனால் தூக்க வேண்டும். ஒரு முனையில் தடித்த அடித்தகடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பக்கம் கனம் அதிகம். இரண்டு ஸ்லிங் போடுகிறோம், ஆளுக்கு மூன்றரை டன், ஆகவே 5 டன் ஸ்லிங் போதும் என்று கணக்குப் போட்டால் அது ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

தூக்கியதும் தூண் சாயாமல் இருக்க வேண்டுமானால், கொக்கி அதன் எடைமையத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். எடைமையம் அடித்தகட்டுப் பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் அந்தப் பக்கத்து ஸ்லிங் குட்டையாகவும் செங்குத்தாகவும், மறுபக்கத்து ஸ்லிங் நீளமாகவும் படுத்தும் அமையும்.

எடைமையத்திலிருந்து கனமான பக்கத்துப் பிடிப்பு 3 மீட்டரிலும், மறுபக்கத்துப் பிடிப்பு 7.5 மீட்டரிலும் இருக்கட்டும். கொக்கி 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நெம்புகோல் கணக்குப்படி குட்டை ஸ்லிங் 5 டன்னைத் தாங்கும், நீளமானது 2 டன்னைத் தாங்கும். ஸ்லிங்கின் நீளத்தை உயரத்தால் வகுத்து, வரும் எண்ணால் இந்தப் பங்கைப் பெருக்கினால் உண்மையான இழுவிசை கிடைக்கும். குட்டை ஸ்லிங்கின் நீளம் 5 மீட்டர், அதன் இழுவிசை 6.25 டன். நீண்டதன் நீளம் 8.5 மீட்டர், இழுவிசை 4.25 டன். 5 டன் ஸ்லிங் இங்கே போதாது.

சாய்வு கூடினால் இழுவிசை கூடும் என்பது ரிக்கர்களுக்குப் பாலபாடம். அப்படியிருக்க, நிமிர்ந்து நிற்கும் ஸ்லிங்குக்கு எப்படி அதிகம் வந்தது? இரண்டு ஸ்லிங்குகளும் கொக்கியைப் பக்கவாட்டில் எதிரெதிரே இழுக்கின்றன. கொக்கி அசையாமல் நிற்க, அந்த இரண்டு இழுப்பும் சமமாக வேண்டும்; இங்கே ஒவ்வொன்றும் 3.75 டன். நிமிர்ந்த ஸ்லிங்கின் விசையில் மற்றதைவிடக் குறைந்த பங்குதான் பக்கவாட்டுக்குப் போகிறது. ஆகவே அதே 3.75 டன்னைக் கொடுக்க அது மொத்தத்தில் அதிகமாக இழுபட வேண்டியிருக்கிறது. பாலபாடம் பொய்யல்ல, ஒரே ஸ்லிங்கை மேலும் மேலும் சாய்க்கும்போது அது பொருந்தும்.

நீண்ட ஸ்லிங்கும் நல்ல நிலையில் இல்லை. இரண்டே டன்னைத் தாங்க அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இழுபடுகிறது. தரைமட்டத்தோடு அது வைக்கும் கோணம் 28 டிகிரி. 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதைப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

இதற்கு மருந்து உயரம்தான். நீளமான ஸ்லிங்குகளைப் போட்டுக் கொக்கியை 10 மீட்டருக்கு ஏற்றினால் இழுவிசைகள் சுமார் 5.2 டன்னாகவும் 2.5 டன்னாகவும் குறைகின்றன. தூணை நெருக்கும் பக்கவாட்டு விசை 1.5 டன்னாக இறங்குகிறது. அப்போதும் 5 டன் ஸ்லிங் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எடைமையத்தைக் கணித்ததில் பிழை இருக்கலாம். அதனால் முதலில் ஒரு சாண் அளவே தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு முனை முந்திக்கொண்டு எழுந்தால், எடைமையம் கொக்கிக்கு நேர் கீழே இல்லை, மறுமுனைப் பக்கம் இருக்கிறது. உடனே இறக்கிவைத்து ஸ்லிங்கின் நீளத்தைத் திருத்த வேண்டும். அரை மீட்டர் பிழை இருந்தால், 4 மீட்டர் உயரக் கொக்கியில் தூண் சுமார் 7 டிகிரி சாய்ந்து, ஒரு பிடிப்பு மற்றதைவிட 1.3 மீட்டர் மேலே போய்விடும். 10 மீட்டர் உயரக் கொக்கியில் அதே பிழைக்குச் சாய்வு 3 டிகிரிதான்.