மறுத்தவரிடம் செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

புதிய ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை நிறுவித் திறந்ததும், அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டு ஒரு சிறு பெட்டி வரும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இலிருந்துதான் இந்த வழக்கம். அதற்கு முன்பு செயலியை நிறுவினாலே அறிவிப்பு அனுப்பும் உரிமையும் அதற்குக் கிடைத்துவிடும். வேண்டாதவர்தான் அமைப்புகளுக்குள் போய்த் தேடி அணைக்க வேண்டும். கேமரா, இருப்பிடம் போன்றவற்றுக்குப் பயன்படுத்தும் நேரத்தில் அனுமதி கேட்கும் முறை 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடனே வந்துவிட்டது. அறிவிப்பு மட்டும் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. தள்ளுபடி விளம்பரமும் வங்கியின் எச்சரிக்கையும் ஒரே திரையில் ஒரே உரிமையோடு வந்து விழுந்ததற்கு அதுதான் காரணம். இப்போது புதிதாக நிறுவப்படும் செயலிக்கு அறிவிப்பு அணைந்த நிலையில்தான் தொடக்கம். யார் நம்மைக் கூப்பிடலாம் என்பதை நாமே முடிவு செய்கிறோம். இது சரியான மாற்றம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சிக்கல் எழுவது நாம் மறுத்த பிறகு. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். அனுமதி மறுக்கப்பட்ட போனில் இரவு 8 மணிக்கு அந்தச் செயலியின் கடிகாரம் சரியாகவே விழிக்கும். அறிவிப்பைக் காட்டு என்று இயங்குதளத்திடம் சொல்லும். இயங்குதளம் பிழைச் செய்தி எதுவும் தராமல் அதைக் கைவிட்டுவிடும். செயலி தன் வேலையை முடித்ததாக நினைத்துக்கொள்ளும். பெரியவரோ போன் ஒலிக்கும் என்று காத்திருப்பார். எங்கும் எதுவும் உடைந்ததாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

ஆகவே முதல் கேள்வி, அனுமதியை எப்போது கேட்பது என்பது. செயலியைத் திறந்த முதல் நொடியிலேயே கேட்டால், அது என்ன செய்யும் என்றே தெரியாதவர் மறுக்கத்தான் செய்வார். அந்த மறுப்புக்கு விலை உண்டு. ஒருவர் இரண்டு முறை மறுத்துவிட்டால், அதன்பின் செயலி எத்தனை முறை கேட்டாலும் இயங்குதளம் பெட்டியைக் காட்டாது. மறுப்பையே பதிலாகத் திருப்பி அனுப்பிவிடும். பதில் சொல்லாமல் பெட்டியை ஒதுக்கித் தள்ளினால் மட்டும் அது மறுப்பாகக் கணக்கில் வராது. கைவசம் இருப்பது இரண்டே வாய்ப்பு. நம் செயலிக்கு அதற்கு ஏற்ற இடம், பயனர் மருந்தின் பெயரையும் நேரத்தையும் எழுதி, 'சேமி' என்று அழுத்தும் இடம். 'இந்த நேரத்தில் உங்களுக்கு நினைவூட்ட அனுமதி தேவை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அப்போது கேட்டால், எதற்குக் கேட்கிறார்கள் என்று அவருக்கே புரியும்.

அப்படியும் மறுத்தால்? மருந்துக் குறிப்பை வழக்கம்போலச் சேமிக்க வேண்டும். அனுமதி தந்தால்தான் உள்ளே விடுவேன் என்று வழிமறிக்கும் செயலிகள் உண்டு; அது மறுக்கும் உரிமையையே பறிப்பதாகும். ஆனால் 'சேமிக்கப்பட்டது' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் தவறு. அந்தக் குறிப்பின் மேலேயே, 'அறிவிப்பு அணைந்துள்ளது, 8 மணிக்குப் போன் ஒலிக்காது' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். செயலியைத் திறந்ததும் இன்று எடுக்க வேண்டிய மாத்திரைகளும் நேரம் கடந்தவையும் பட்டியலாகத் தெரிந்தால், நினைவூட்டல் இல்லாமலே அது பயன்படும்.

அதே எச்சரிக்கையின் பக்கத்தில், 'அறிவிப்பை இயக்கு' என்றொரு பொத்தான் வைக்கலாம். பல செயலிகள் தவறுவது இங்கேதான். இரண்டு முறை மறுத்தவர் மனம் மாறி அந்தப் பொத்தானை அழுத்துகிறார், செயலி மறுபடி அனுமதி கேட்கிறது, பெட்டி வருவதில்லை. அழுத்தியும் ஒன்றும் நடக்காத செத்த பொத்தான் அது. கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை என்றால், போனின் அமைப்புகளில் அந்தச் செயலிக்குரிய அறிவிப்புப் பக்கத்துக்கே அவரை அழைத்துப் போக வேண்டும். அதற்கு இவ்வளவு போதும்:

```kotlin
startActivity(
    Intent(Settings.ACTION_APP_NOTIFICATION_SETTINGS)
        .putExtra(Settings.EXTRA_APP_PACKAGE, packageName)
)
```

அவர் அங்கே இயக்கிவிட்டுத் திரும்பி வந்ததும், நிலை மாறியிருக்கிறதா என்று செயலி `areNotificationsEnabled()` வழியாக மீண்டும் பார்த்து எச்சரிக்கையை நீக்க வேண்டும். முதல் நாள் கிடைத்த அனுமதியை மட்டும் குறித்துவைத்து நம்பக் கூடாது. பயனர் எந்த நாளும் அதை அமைப்புகளில் போய் அணைக்கலாம். ஆகவே செயலி திறக்கும் ஒவ்வொரு முறையும் சோதிப்பதே சரி.

வீட்டில் பெரியவர்களின் போனில் இப்படிப்பட்ட செயலி இருந்தால், அமைப்புகளில் அதன் அறிவிப்பு இயங்குகிறதா என்று இன்றே ஒருமுறை பாருங்கள். பிறகு இரண்டு நிமிடம் தள்ளி ஒரு நினைவூட்டலை வைத்து, அது ஒலிக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.