‘கூல் இருக்கா?’



உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுக்கும் ஆசிரியர் எழுதுகிறேன். மதிப்பெண் பற்றிய கடிதம் இல்லை இது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு சொல்லைப் பற்றியது.

“கூல்டா மச்சி” என்று பையன் சொன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை. “கூல் இருக்கா?”, “கூலிப் ஒண்ணு குடு” என்றால் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். கூல் என்பது குணமாக வராமல், கேட்டு வாங்குகிற பொருளாக வரும்போது பேச்சு வேறு. போன மாதம் ஒரு அம்மா, “உதடு வெடிக்குதுன்னு ஏதோ லிப் கிரீம் வாங்குறான் சார்” என்றார். அவர் மேல் தப்பில்லை. பெயர் அப்படி. கூல் லிப் என்பது புகையிலை. டீ பேக் போன்ற சிறு உறைக்குள் அடைத்து, புதினா வாசம் சேர்த்து விற்கிறார்கள். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் புகை இல்லை, மெல்ல வேண்டாம், துப்பவும் வேண்டாம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போதே வகுப்பில் உட்கார்ந்தபடி போட்டுக்கொள்ளலாம்.

பெயரில் இருக்கும் குளிர்ச்சியே ஒரு ஏமாற்று வேலைதான். புதினாவிலுள்ள மெந்தால் வாயை ஒரு டிகிரிகூடக் குளிர வைப்பதில்லை. குளிரை உணர்வதற்கென்றே நம் நரம்பு முனைகளில் ஒரு புரதம் இருக்கிறது. மெந்தால் அதைத் தூண்டிவிட, மூளை அதைக் குளிர் என்று நம்பிவிடுகிறது. வெறும் புகையிலையை உதட்டில் வைத்தால் எரியும், குமட்டும். முதல் தடவையிலேயே பையன் துப்பிவிட்டு ஓடியிருப்பான். அந்த எரிச்சல் உடம்பு விடுக்கும் எச்சரிக்கை. மெந்தால் அதை அமுக்கிவிடுகிறது.

இனி நிகோடினுக்கு வருவோம். பத்தாம் வகுப்பு வேதியியல் இங்கே உதவும். நிகோடின் ஒரு காரம். அமிலச் சூழலில் அது மின்சுமை ஏற்றுக்கொள்ளும்; அந்த வடிவத்தில் வாயின் உட்தோலை எளிதில் தாண்ட முடியாது. காரச் சூழலில் சுமையை விட்டுவிட்டு, கொழுப்பாலான செல் சவ்வுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். pH 7-இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிகோடின்தான் தாண்டக்கூடிய வடிவில் இருக்கும். pH 8-இல் அது பாதியாகும். pH 9-இல் பத்தில் ஒன்பது பங்கு. புகையிலை அதே அளவுதான், காரம் கூடக்கூட ரத்தத்துக்குப் போவது பல மடங்காகிறது. நம் தாத்தா பாட்டிகள் புகையிலையோடு சுண்ணாம்பைச் சேர்த்து அடக்கிக்கொண்டதற்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். வாய்வழிப் புகையிலை தயாரிப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். கீழுதட்டின் உட்புறத் தோல் மென்மையானது. ரத்த நாளங்கள் அடியிலேயே ஓடுகின்றன. உறை அங்கே போவது தற்செயல் அல்ல.

பத்தே முக்கால் இடைவேளையில் ஒரு பையன் இதை வைக்கிறான் என்று கொள்ளுங்கள். சிகரெட் புகையின் நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொட்டுவிடும். உதட்டில் வைத்தது நிதானமாக ஏறும். அரை மணி நேரத்தில் உச்சம். அப்போது சுறுசுறுப்பாகத்தான் இருப்பான், கையைக்கூட உயர்த்துவான். ரத்தத்திலுள்ள நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். அதாவது மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம் உடம்பு அடுத்ததைக் கேட்கத் தொடங்கியிருக்கும். பக்கத்துப் பையனை உதைப்பான், கேள்வி கேட்டால் எரிந்து விழுவான், சோற்றை அளைவான். மறுபடி ஒன்று வைத்தால் அடங்கிவிடும். இது மனசை அமைதியாக்குகிறது என்று அவன் நினைத்துக்கொள்கிறான். கெடுத்ததே அது என்பது அவனுக்குத் தெரியாது. வளரும் மூளையில் நிகோடின் வந்து ஒட்டும் ஏற்பிகள் பெருகிவிடுகின்றன. திட்டமிடவும் ஆசையை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டவேண்டும். பழக்கம் அதற்குள் குடியேறிவிடுகிறது.

துப்பாமல் விழுங்குவதால் வேறொரு தொல்லையும் உண்டு. புகையிலைச் சாறு வயிற்றுக்குள் போகும். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை வியர்த்துக் கொட்டி, வெளிறி, வாந்தி எடுத்தால் எல்லோரும் வெறும் வயிறு என்றுதான் சொல்வோம். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக இதை வைத்தவர்களுக்கும் இதே அறிகுறிகள்தான் வரும்.

வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்தில் கீழுதட்டை மெதுவாக வெளியே மடித்துப் பாருங்கள். உறை வழக்கமாக உட்காரும் இடத்தில் தோல் வெளுத்து, சுருக்கம் விழுந்திருக்கும். துணியால் துடைத்தால் போகாது. வாய்ப்புண் என்றால் வலிக்கும், இது வலிக்காது. அந்த இடத்தில் ஈறு இறங்கி, பல் நீளமாகத் தெரியலாம். பழக்கத்தை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தோல் தேறிவிடும். விட்ட பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் வெள்ளை மாறாமல் இருந்தால், அல்லது நடுவில் சிவந்தோ தடித்தோ இருந்தால், பல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். புகையிலையிலுள்ள நைட்ரோசமின்களில் இரண்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இன்னொன்று: உதடு சுத்தமாக இருப்பதால் மட்டும் பையன் தொடவில்லை என்றாகிவிடாது. தொடங்கிச் சில நாளே ஆகியிருந்தால் தடயம் இருக்காது.

சட்டத்தில் குறைவில்லை. 2003-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் புகையிலை விற்பதையும், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல். 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதே பொருள் மாணவர்களிடம் பரவுவதைக் குறிப்பிட்டு, நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. ஆனாலும் கிடைக்கிறது. எங்கே கிடைக்கிறது என்று உங்கள் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், கடையின் பெயரை எங்களுக்குச் சொல்லுங்கள்; யார் சொன்னது என்பது வெளியே போகாது.

கண்டுபிடித்ததும் பெல்ட்டைத் தேடாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள்தான் மோசம்: தூக்கம் கெடும், சள்ளென்று விழுவான், படிப்பில் மனம் நிற்காது, பசி கூடும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடித்தால், அவனுக்கு ஆறுதலாகத் தெரிவது அந்தப் பொட்டலம்தான். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் இந்தத் தொந்தரவுகள் பெரிதும் குறைந்துவிடும். கடையில் விற்கும் நிகோடின் சூயிங் கம்மை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுவர்களுக்கு அது மருத்துவர் முடிவு செய்யவேண்டியது. புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-112-356. பையனையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

தேர்வு நேரத்தில் நிறுத்த முயல்பவன் யாரென்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த வாரம் வகுப்பில் அவன் எழுந்து போனாலும் எரிந்து விழுந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்