40-க்கும் 41-க்கும் நடுவில்

ஒரு கை மேசையிலிருந்து டம்ளரை எடுக்கிறது, டபராவில் காபியை ஊற்றி ஆற்றுகிறது, டம்ளரைத் திரும்ப மேசையில் வைக்கிறது. நான்கே நொடி ஓடும் அனிமேஷன் ஷாட். நொடிக்கு 24 ஃப்ரேம் என்று மொத்தம் 96 ஃப்ரேம். என்னிடம் வேலை பழகிய பையன் அதைச் செய்து முடித்து, கடைசிப் படங்களை எடுத்துக்கொண்டு வந்தான். காபி ஊற்றும் இடத்தில் ஒரே ஒரு ஃப்ரேமில் டம்ளரைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. மேசையில் வைக்கும் இடத்தில் டம்ளரின் அடிப்பாகம் பலகைக்குள் இறங்கி, மேலே வந்து நின்றது.

“ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்திப் பாத்துட்டேண்ணே. 40-ம் சரியா இருக்கு, 41-ம் சரியா இருக்கு” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். தப்பு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதைப் பார்க்கப் படத்தை விட்டுவிட்டு கிராஃப் எடிட்டரைத் திறக்க வேண்டும்.

கணினியில் அனிமேஷன் செய்பவர் எல்லா ஃப்ரேமையும் கையால் அமைப்பதில்லை. இந்த ஃப்ரேமில் கை இந்த உயரத்தில், அந்த ஃப்ரேமில் அந்த உயரத்தில் என்று சில இடங்களில் மட்டும் மதிப்பைப் பதிந்து வைப்பார். அதற்குத்தான் கீ என்று பெயர். இரண்டு கீக்கு நடுவில் என்ன நடக்க வேண்டும் என்பதை மென்பொருளே ஒரு வளைகோடு போட்டு நிரப்பிக்கொள்கிறது. கிராஃப் எடிட்டர் காட்டுவது அந்தக் கோட்டைத்தான். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக மதிப்பு. காய்ச்சல்காரரின் கட்டிலில் தொங்கும் வெப்ப அட்டையைப் படிக்கத் தெரிந்தவருக்கு இதுவும் புரியும்.

முதலில் அந்தத் தீற்றலைப் பார்ப்போம். அவன் வேலை செய்தது மாயா மென்பொருளில். டம்ளரைத் தனியாக அசைக்காமல் கையோடு கட்டிவிட்டிருந்தான். கை போகும் இடமெல்லாம் டம்ளரும் போகும். வேலை முடிந்ததும் அந்தக் கட்டை அவிழ்த்து, டம்ளரின் அசைவை ஃப்ரேமுக்கு ஒரு கீயாகப் பதிந்துவிட்டான். இதை ‘பேக்’ செய்வது என்பார்கள். அப்படிப் பதிந்த டம்ளரின் மூன்று சுழற்சிக் கோடுகளில் இருந்த எண்கள் இவை. 40-ஆவது ஃப்ரேமில் எக்ஸ் 12 டிகிரி, ஒய் 88, இஸட் −6. அடுத்த ஃப்ரேமில் எக்ஸ் −167, ஒய் 87, இஸட் 175. எக்ஸ் கோடு செங்குத்தாகக் கீழே விழுகிறது, இஸட் கோடு அதேபோல் மேலே பாய்கிறது. ஒய் கோடோ 90-ஐ நெருங்கி, சுவரில் முட்டிய பந்து மாதிரி திரும்பி இறங்குகிறது.

இந்த மூன்றும் ஒரே ஃப்ரேமில் சேர்ந்து வந்தால், டம்ளர் உண்மையில் எங்கும் பாயவில்லை என்று அர்த்தம். ஒரே நிலையைச் சொல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். எக்ஸிலும் இஸட்டிலும் 180-ஐக் கூட்டியோ கழித்தோ, நடுவில் உள்ள ஒய்யை 180-இலிருந்து கழித்தால், எண்கள் முழுக்க மாறிப்போகும். பொருள் இம்மியும் நகராது. 41-ஆவது ஃப்ரேமுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 13, 93, −5 வருகிறது. 12, 88, −6 என்ற முந்தைய ஃப்ரேமுக்கு அடுத்து இயல்பாக வரவேண்டிய எண்களும் இவையே. ஒரு திருப்பத்தை மூன்று கோணங்களாகப் பிரித்துச் சொல்லும் இந்த முறைக்கு 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கோளாறும் அவர் தலையில் விழுந்துவிட்டது.

சரி, மென்பொருள் ஏன் இரண்டாவது வழிக்குத் தாவியது? பேக் செய்யும்போது அது டம்ளரின் நிலையை வாங்கி, அதிலிருந்து மூன்று கோணங்களைக் கணக்கிட்டு எடுக்கிறது. அந்தக் கணக்கில் நடுக்கோணம் எப்போதும் −90-க்கும் 90-க்கும் உள்ளேதான் கிடைக்கும். காபி ஊற்ற டம்ளர் 90-ஐத் தாண்டிச் சாய்ந்ததும் 93 என்று சொல்ல அதற்கு வழியில்லை. 87 என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் புரட்டிப் போட்டு ஈடுகட்டுகிறது.

ஃப்ரேமில் நிறுத்திப் பார்க்கும்வரை இதனால் கெடுதல் ஒன்றும் தெரியாது. ஆனால் மோஷன் பிளர் போடும்போது, அதாவது வேகமான அசைவில் உருவம் இழுபடுவதைக் காட்டும்போது, கணினி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. அந்த நடுவில் எக்ஸ் −77, இஸட் 84 என்று யாரும் கேட்காத ஒரு நிலை இருக்கிறது. டம்ளர் அங்கே அரைச்சுற்று சுற்றி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். தீற்றல் வந்தது அதனால்தான். ஷாட்டை மெதுவாக ஓட விட்டாலோ, ஃப்ரேமுக்கு ஒன்றாக உள்ள கீக்களைக் குறைக்கப் பார்த்தாலோ இதே பூதம் கிளம்பும்.

இதைவிட எளிய புரட்டல் ஒன்றும் உண்டு. ஒரே ஒரு கோடு 179-இலிருந்து −179-க்கு விழும். மற்ற இரண்டும் அமைதியாக இருக்கும். கடிகார முள் 12-ஐத் தாண்டியதும் மறுபடி 1 என்று எண்ணுகிறோமே, அந்த மாதிரி. விழுந்த இடத்துக்கு வலப்பக்கம் உள்ள கீக்களை எல்லாம் தேர்ந்து, மதிப்புப் பெட்டியில் இப்படி அடித்தால் அவை மேலே வந்து ஒட்டிக்கொள்ளும்:

```
+=360
```

மூன்று கோடும் சேர்ந்து புரண்டிருந்தால் கையால் செய்ய வேண்டாம். மூன்று சுழற்சிக் கோடுகளையும் தேர்ந்து, கிராஃப் எடிட்டரின் Curves மெனுவில் Euler Filter-ஐச் சொடுக்கினால் போதும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் இது Key மெனுவில் Discontinuity (Euler) Filter என்ற பெயரில் இருக்கிறது. எக்ஸ் மட்டும்தானே குதிக்கிறது என்று அதை மட்டும் தேர்ந்து கொடுத்தால் வேலை நடக்காது. மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் இது அந்த இரண்டாவது வழி என்று கணக்குப் போட முடியும்.

இந்த வடிகட்டிக்கு அறிவு அவ்வளவாகக் கிடையாது. முந்தைய கீக்கு மிக அருகில் உள்ள எண் எது என்று மட்டுமே பார்க்கும். முதல் ஃப்ரேமில் 0, 24-ஆவது ஃப்ரேமில் 720 என்று ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே இரண்டு சுற்று விட்டிருந்தால், இரண்டும் ஒரே நிலைதானே என்று சுற்றையே விழுங்கிவிடக்கூடும். எனவே ஃப்ரேமுக்கு ஒரு கீ இருக்கும் கோடுகளில்தான் இதை நம்பலாம்.

இன்னொன்றையும் அதனால் சரிசெய்ய முடியாது. நடுக்கோணம் 90-க்கு வெகு அருகில் இருக்கும்போது மற்ற இரண்டு கோடுகளும் சில ஃப்ரேமுக்குள் மிகச் செங்குத்தாக ஏறியிறங்கும், ஆனால் எங்கும் அறுந்து குதிக்காது. அது புரட்டல் இல்லை, கிம்பல் லாக். இரண்டு அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்ட நிலை. அதற்கு மருந்து Rotate Order-ஐ மாற்றி, அதிகம் சாயப்போகும் அச்சை நடுவில் வராமல் வைப்பது. அதையும் முதல் கீ போடும் முன்பே செய்திருக்க வேண்டும்.

இனி மேசைக்குள் இறங்கிய டம்ளர். பையன் டம்ளரின் கோட்டைத் திறந்து, உள்ளே இறங்கிய கீக்களை ஒவ்வொன்றாகத் தூக்கத் தொடங்கினான். நிறுத்தச் சொன்னேன். டம்ளர் கையோடு போனது. தப்பு கையின் கோட்டில்தான் இருக்க வேண்டும். அங்கே கீ அதிகமில்லை. மேசையைத் தொடும் உயரத்தை 0 என்று வைத்துக்கொண்டால், 60-ஆவது ஃப்ரேமில் கை 30 செ.மீ. உயரத்தில். 71-இல் 0. 79-இலும் 0, 90-இலும் 0. நான்கு எண்ணும் சரி. ஆனால் 71-க்கும் 79-க்கும் நடுவில் கோடு தொட்டில் மாதிரி கீழே தொங்கியது.

ஒவ்வொரு கீயிலும் கோடு எந்தச் சரிவில் உள்ளே வந்து எந்தச் சரிவில் வெளியேற வேண்டும் என்று சொல்லும் சிறு கைப்பிடி ஒன்று உண்டு. அதுதான் டேன்ஜென்ட். அவன் எல்லாக் கீக்கும் Spline என்ற வகையைப் போட்டிருந்தான். கோடு எங்கும் ஒடியாமல் வழவழப்பாக ஓட வேண்டும் என்பது ஒன்றே அதன் குறி. அதனால் 71-இல் உள்ள சரிவை அது இரண்டு பக்கத்துக் கீக்களையும் பார்த்து முடிவு செய்கிறது. 60-இல் 30 செ.மீ., 79-இல் 0; 19 ஃப்ரேமில் 30 செ.மீ. இறக்கம். ஆக ஃப்ரேமுக்கு ஒன்றரை செ.மீ.க்கு மேல் இறங்கும் வேகத்திலேயே கை 71-ஐக் கடக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 74-ஆவது ஃப்ரேமில் கை சுமார் 1.9 செ.மீ. பலகைக்குள் இருக்கும். பத்து செ.மீ. உயர டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த இடத்தில் புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் செய்யும் காரியம், 74-இல் இன்னொரு கீ போட்டு 0 என்று பதிவது. அப்போதும் 71-இன் சரிவு போகாது, இன்னும் செங்குத்தாகும். தொட்டில் குறுகி 71-க்கும் 74-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் ஒரு கீ போடுவார்கள். முடிவில் ஒரு சாதாரண அசைவில் பதினைந்து கீ இருக்கும். நேரத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று இயக்குநர் சொன்னால் அழுகை வரும்.

தொட வேண்டியது 71-இன் கைப்பிடியை மட்டும்தான். அதை Flat ஆக்கினால் தொங்கல் போய்விடும். மாயாவின் Auto, பிளெண்டரின் Auto Clamped என்ற வகைகளும் இதைத்தான் தாமாகச் செய்கின்றன: கோடு மேடோ பள்ளமோ தொடும் கீயில் சரிவைப் படுக்கப் போடும். ஆனால் அதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. படுத்த சரிவில் டம்ளர் மேசையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, பஞ்சு மாதிரி வந்து உட்காரும். பித்தளை டம்ளரை யாரும் அப்படி வைப்பதில்லை. கடைசி வரை வேகம் இருந்து ‘டங்’ என்று நிற்கும். ஆகவே Break Tangents கொடுத்து, கைப்பிடியின் இரண்டு பக்கத்தையும் பிரித்தோம். இடப்பக்கம் சரிவு அப்படியே இருக்கட்டும், வலப்பக்கம் மட்டும் படுக்கட்டும். கோட்டில் ஒரு முனை வந்தது. வழவழப்பைக் கும்பிடுகிறவர்களுக்கு அது பிடிக்காது. மேசையில் மோதும் பொருளுக்கு அந்த முனைதான் சரி.

கையைச் சரிசெய்தபின் டம்ளரை மறுபடி பேக் செய்து, அதன் பிறகே வடிகட்டியைப் போட்டோம். வரிசை மாறினால் புரட்டல் திரும்ப வந்து உட்காரும். கடைசியில் கையின் உயரக் கோட்டில் அந்த இடத்தில் இருந்தவை முதலில் இருந்த அதே நான்கு கீதான். பையன் பிளேபேக்கை மூன்று முறை ஓட விட்டுப் பார்த்தான். பிறகு, “ஊத்துற இடத்துல காபி கொஞ்சம் லேட்டா விழுதுண்ணே” என்றான். அதுவும் உண்மைதான்.