‘ரிவர்ட்’ என்று எழுதாதீர்கள்

என் அக்கா மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். 2025 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை, ஒரு ஜப்பானிய நிறுவனம் அவனைக் காணொளியில் நேர்காணல் செய்தது. கேள்வி கேட்டவர் ஜப்பானில் இருந்த மேலாளர். அவருக்கும் இவனுக்கும் ஆங்கிலம் பள்ளியில் படித்த மொழிதான். அன்றிரவு நன்றிக் கடிதம் ஒன்றை எழுதி, "மாமா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க" என்று எனக்கு அனுப்பினான்.

இலக்கணத்தில் பிழை இல்லை. கடினமான சொல்லும் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த மேலாளருக்கு அது புரிந்திருக்காது.

2019-இல் ‘பாஸ்ட் அவுட்’ ஆனதாக எழுதியிருந்தான். படிப்பை முடித்ததை நாம் அப்படித்தான் சொல்கிறோம். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் கற்றவருக்கு அதன் பொருள் மயங்கி விழுந்தேன் என்பது. ஏதாவது ‘டவுட்’ இருந்தால் கேட்கும்படி எழுதியிருந்தான். நமக்கு அது கேள்வி, அவருக்கு அவநம்பிக்கை. ‘கைண்ட்லி ரிவர்ட்’ என்று முடித்திருந்தான். பதில் எழுதுங்கள் என்று நாம் நினைக்கிறோம். அகராதியைப் புரட்டினால் முதலில் கிடைக்கும் பொருள், பழைய நிலைக்குத் திரும்புவது. நாம் தினமும் புழங்குவதால் இந்தச் சொற்கள் நமக்கு எளிதாகத் தெரிகின்றன. ‘ரிப்ளை’, ‘கொஸ்டின்’, ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள். அதேபோல ‘லுக் இன்டு’ போன்ற இரட்டைச் சொற்களைவிட ‘செக்’ என்ற ஒற்றைச் சொல் தெளிவானது.

சொற்களைவிட என்னைப் பயமுறுத்தியது தேதிதான். 07/08 முதல் வேலைக்கு வர முடியும் என்று எழுதியிருந்தான். அவனுக்கு இரண்டு மாத நோட்டீஸ் உண்டு, எனவே அவன் மனதில் இருந்தது ஆகஸ்ட் 7. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். அந்த மேலாளர் அதை ஜூலை 8 என்றே படித்திருப்பார். வாக்கு ஒரு மாதம் தவறியிருக்கும், அது இவன் பொய்யாகவே அங்கே பதிந்திருக்கும்.

இன்னொன்று, சான்றிதழ் நகல் ‘வேண்டாமா?’ என்ற எதிர்மறைக் கேள்வி. தமிழில் இதற்கு "ஆமாம், வேண்டாம்" என்று சொல்லலாம். ஜப்பானியத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்றால் வேண்டும் என்று பொருள். அவர் ‘யெஸ்’ என்று மட்டும் பதில் போட்டால், எந்த வழக்கப்படி சொன்னார் என்று எப்படி அறிவது? இப்படிப்பட்ட கேள்வியை எப்போதும் ‘வேண்டுமா?’ என்றே கேட்க வேண்டும்.

இருவருமாக உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் போன கடிதத்தின் சாரம் இது:

"ஜூன் 3 அன்று என்னுடன் பேசியதற்கு நன்றி. வெல்டிங் பிரிவில் வரும் ரிஜெக்‌ஷன் பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் ஒரு போகா யோகே ஜிக் பொருத்தினோம். அதன் பிறகு பாகத்தைத் தலைகீழாக வைக்கும் தவறு நின்றது. நான் 2025 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை முதல் வேலைக்கு வர முடியும். என் பட்டச் சான்றிதழின் நகல் உங்களுக்கு வேண்டுமா? ஜூன் 13, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னீர்கள். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்."

எட்டு வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே செய்தி. யார் செய்தார் என்பதும் அங்கேயே இருக்கிறது. ‘போகா யோகே’யை நாங்கள் எளிமைப்படுத்தவில்லை. தவறு நேராதபடி தடுக்கும் ஏற்பாட்டுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அது, அந்த மேலாளர் தினமும் சொல்லும் சொல். எளிமை வேண்டும் என்று தொழிற்சொற்களையும் உடைத்துப் போட்டால், குழந்தைக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும், அனுபவமுள்ள ஒருவருக்கு அது அவமரியாதை. மேலே ‘டியர் சார்’ என்று இருந்ததை எடுத்துவிட்டு, அவருடைய குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்தோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது. கீழே தொலைபேசி எண்ணுக்கு முன் +91 போட்டோம்.

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்குப் பகல் ஒன்றரை ஆகும்போது அங்கே மாலை ஐந்து. எனவே மறுநாள் காலையிலேயே கடிதம் போனது.

வேறு மொழிக்காரருக்கு இப்படி ஒன்றை எழுதினால், அனுப்புமுன் தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதியிருக்கிறீர்களா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.